சமவாய்ப்புப் புள்ளிகளால் பரப்பு காணல்: விடையும் அதன் திட்டப்பிழையும் (முக்கியக் குறிப்புகள்)

கணிதம், புள்ளியியல் இரண்டையும் விருப்பப் பாடமாக எடுத்துப் படிப்பவர்கள் மான்டே கார்லோ முறையை “புள்ளிகளைத் தூவு, உள்ளே விழுந்தவற்றை எண்ணு” என்ற அளவில் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அது பாதிப் பாடம்தான். கிடைத்த விடை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதை அதே புள்ளிகளிலிருந்து கணக்கிட முடியும் என்பது மறுபாதி. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த மறுபாதியில். கீழே உள்ள குறிப்புகள் அதைப் பற்றியவை.

1. அடிப்படை: பரப்பு என்பது ஒரு சராசரி

● f என்ற சார்பை a முதல் b வரை தொகையிட வேண்டும் என்று கொள்வோம். அந்த இடைவெளியில் சீராகப் பரவிய சமவாய்ப்பு எண் x ஒன்றை எடுத்தால், f(x) ஒரு சமவாய்ப்பு மாறி ஆகிறது. அதன் எதிர்பார்ப்பு மதிப்பை (b − a) ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய தொகை கிடைக்கும். தொகையிடல் கணக்கு இப்படிச் சராசரி காணும் கணக்காக மாறிவிடுகிறது.

● n புள்ளிகள் எடுத்து f மதிப்புகளின் சராசரியைக் கண்டால், பேரெண் விதிப்படி அது உண்மை மதிப்பை நெருங்கும். எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை மைய எல்லைத் தேற்றம் சொல்கிறது. முதல் விதி விடைக்கு, இரண்டாவது தேற்றம் பிழைக்கு. காரணம் கேட்கும் வினாக்களில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடக் கூடாது.

● f மதிப்புகளின் கூறு விலக்க வர்க்கச் சராசரி s² என்றால்:

s² = Σ(fᵢ − f̄)² / (n − 1)

திட்டப்பிழை = (b − a) · s / √n

● s என்பதும் s/√n என்பதும் வேறு வேறு. ஒரு தனி f மதிப்பு சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பதை s காட்டுகிறது. n எவ்வளவு கூடினாலும் s சுருங்காது. σ என்ற ஒரு நிலையான எண்ணை நோக்கியே போகும். சராசரியின் சிதறலைக் காட்டுவது s/√n. சுருங்குவது இதுதான்.

2. எண்ணிப் பார்க்கும் முறை: ஏரியின் பரப்பு

● வரைபடத்தில் ஓர் ஏரி 6 கி.மீ. × 5 கி.மீ. செவ்வகத்துக்குள் அடங்குகிறது. செவ்வகத்தின் மேல் 400 சமவாய்ப்புப் புள்ளிகள் இடப்படுகின்றன. 130 புள்ளிகள் நீரில் விழுகின்றன. பரப்பும் பிழையும் என்ன?

● விகிதம் p = 130/400 = 0.325. செவ்வகப் பரப்பு 30 ச.கி.மீ. ஆகவே ஏரியின் பரப்பு 9.75 ச.கி.மீ.

● ஒவ்வொரு புள்ளியும் 1 (உள்ளே) அல்லது 0 (வெளியே) என்ற மதிப்பையே தருகிறது. எனவே விலக்க வர்க்கச் சராசரியைத் தனியே கணக்கிட வேண்டியதில்லை. p(1 − p) போதும். இங்கே அது 0.2194. அதை 400 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0234. 30 ஆல் பெருக்கினால் திட்டப்பிழை 0.70 ச.கி.மீ.

● 95% நம்பிக்கை இடைவெளிக்கு 1.96 ஆல் பெருக்க வேண்டும்: 9.75 ± 1.38. பரப்பு 8.4 முதல் 11.1 ச.கி.மீ. வரை இருக்கலாம். “9.75” என்று மட்டும் எழுதினால் இரண்டு தசம இடங்களுக்குச் சரியான விடை போலத் தோன்றும். உண்மையில் முழு எண்ணே உறுதியாகவில்லை.

● ஏரியின் பரப்பு a, செவ்வகத்தின் பரப்பு A என்றால் திட்டப்பிழையை √(a(A − a)/n) என்றும் எழுதலாம். செவ்வகம் ஏரியை ஒட்டி இருக்க இருக்கப் பிழை குறையும் என்பது இதில் நேரடியாகத் தெரிகிறது. அதே ஏரியை 20 ச.கி.மீ. செவ்வகத்தில் அடக்க முடிந்தால், அதே 400 புள்ளிகளுக்குத் திட்டப்பிழை 0.70-லிருந்து 0.50 ஆகிறது. ஒரு புள்ளிகூடக் கூடுதலாக இடாமல் கிடைத்த பலன் இது.

3. சராசரி முறை: பத்தே எண்களில் π

● ஆரம் 1 உள்ள கால் வட்டத்தின் பரப்பு π/4. அதாவது √(1 − x²) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால் π/4. கொடுக்கப்பட்ட பத்து எண்கள்: 0.12, 0.85, 0.37, 0.60, 0.95, 0.28, 0.71, 0.04, 0.53, 0.80.

● இவற்றுக்கான f மதிப்புகள் முறையே: 0.9928, 0.5268, 0.9290, 0.8000, 0.3122, 0.9600, 0.7042, 0.9992, 0.8480, 0.6000. கூட்டுத்தொகை 7.6722, சராசரி 0.7672. நான்கால் பெருக்கினால் π-யின் மதிப்பீடு 3.069.

● இனிப் பிழை. f மதிப்புகளின் வர்க்கங்களின் கூடுதல் 6.3587. அதிலிருந்து n·f̄² = 5.8863 கழித்தால் 0.4724. அதை 9 ஆல் வகுத்தால் s² = 0.0525; s = 0.229. √10 ஆல் வகுத்து நான்கால் பெருக்கினால் π-க்கான திட்டப்பிழை 0.29.

● விடை: 3.07, திட்டப்பிழை 0.29. உண்மையான விலகல் 0.07, ஒரு திட்டப்பிழைக்குள்தான் இருக்கிறது. இந்த முறை பொருத்தமாக நடந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை விலகல் ஒரு திட்டப்பிழைக்குள் அடங்கும். மூன்றில் ஒரு முறை அடங்காது, அதுவும் இயல்புதான்.

● n சிறியதாக இருக்கும்போது 1.96-க்குப் பதில் டி-அட்டவணை மதிப்பை எடுக்க வேண்டும். n = 10 எனில் அது 2.262. இடைவெளி 2.41 முதல் 3.72 வரை. பெரிய n-க்கு இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

● சரிபார்ப்பு: இந்தச் சார்புக்கு உண்மையான விலக்க வர்க்கச் சராசரி 2/3 − π²/16 = 0.0498; σ = 0.223. பத்தே எண்களிலிருந்து நாம் பெற்ற 0.229 அதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. π தெரியாத ஒருவர்கூடத் தன் பிழையை அறிய முடிவது இதனால்தான்.

4. எண்ணும் முறையா, சராசரி முறையா?

● அதே கால் வட்டத்தைப் புள்ளிகளை எண்ணிக் கண்டால் விலக்க வர்க்கச் சராசரி p(1 − p) = 0.7854 × 0.2146 = 0.1685. சராசரி முறையில் 0.0498. ஏறக்குறைய 3.4 மடங்கு வேறுபாடு.

● இது இந்தச் சார்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. f எப்போதும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் f² ≤ f. எனவே f²-ன் சராசரி p-ஐத் தாண்டாது. எண்ணும் முறையின் விலக்க வர்க்கச் சராசரி ஒருபோதும் சிறியதாக இருக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சரியாக f(1 − f) என்பதன் தொகை.

● ஏரி போல எல்லைக்குச் சமன்பாடு இல்லாதபோதும், “உள்ளேயா, வெளியேயா” என்று மட்டுமே சொல்ல முடிகிறபோதும் எண்ணும் முறையே வழி.

5. எத்தனை புள்ளிகள் வேண்டும்?

● பிழை 1/√n வீதத்தில் குறைகிறது. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு புள்ளிகள் வேண்டும். இன்னொரு தசம இடம் பெற நூறு மடங்கு வேண்டும்.

● முதலில் ஒரு சிறு முன்னோட்டக் கூறு எடுத்து s-ஐக் காண்க. பிறகு n = (1.96 (b − a) s/ε)² என்ற வாய்பாட்டால் தேவையான எண்ணிக்கையைக் காண்க. ε என்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய பிழை.

● நமது பத்து எண்களின் s-ஐக் கொண்டு π-ஐ ±0.01 அளவுக்கு அறிய: 4 × 0.2291 = 0.9164, (1.96 × 0.9164/0.01)² ≈ 32,300 புள்ளிகள். எண்ணும் முறையில் ஏறக்குறைய 1,03,600 புள்ளிகள் வேண்டும்.

● ஒரு மாறி மட்டும் உள்ள தொகைக்கு இது மெதுவான முறை. சிம்ப்சன் விதி அங்கே மிக வேகமாகப் போகும். ஆனால் d மாறிகள் இருந்தால் மொத்தம் n புள்ளிகளுக்குச் சிம்ப்சன் விதியின் பிழை n^(−4/d) வீதத்தில்தான் குறைகிறது. சமவாய்ப்பு முறையின் பிழை எந்த d-க்கும் n^(−1/2). இரண்டும் d = 8-ல் சமமாகின்றன; அதற்கு மேல் சமவாய்ப்பு முறை முந்துகிறது. பத்து மாறிகளில் அச்சுக்குப் பத்துப் புள்ளிகள் வைத்தாலே ஆயிரம் கோடிப் புள்ளிகள் ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

6. கணினியில் s² காணும்போது

● Σf² − n·f̄² என்ற வாய்பாடு தாளில் வசதியானது. கணினியில் சராசரி பெரிதாகவும் சிதறல் சிறிதாகவும் இருந்தால், ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்க நேர்ந்து இலக்கங்கள் தொலையும். s² குறை எண்ணாகக்கூட வரலாம். அதற்கு மாற்று 1962-ல் வெல்ஃபோர்டு வெளியிட்ட முறை. ஒவ்வொரு மதிப்பு வரும்போதும் சராசரியையும் விலக்க வர்க்கக் கூடுதலையும் அது புதுப்பித்துக்கொண்டே போகிறது:

```python
import random, math
n, m, q = 0, 0.0, 0.0
for _ in range(10000):
    x = random.random()
    y = 4 * math.sqrt(1 - x*x)
    n += 1
    d = y - m
    m += d / n
    q += d * (y - m)
s = math.sqrt(q / (n - 1))
print(m, s / math.sqrt(n))
```

● அச்சாகும் இரண்டாவது எண் 0.009-ஐ ஒட்டி இருக்க வேண்டும். முதல் எண் 3.14-ஐச் சுற்றி அந்த அளவில் ஆடும்.

7. வாய்பாடு பொய் சொல்லும் மூன்று இடங்கள்

● *எந்தப் புள்ளியும் உள்ளே விழவில்லை.* மிகச் சிறிய பரப்பைத் தேடும்போது 1,000 புள்ளிகளில் ஒன்றுகூட உள்ளே விழாமல் போகலாம். அப்போது p = 0, p(1 − p) = 0; வாய்பாடு “பிழை சுழி” என்கிறது. அது தவறு. உண்மை விகிதம் p ஆக இருந்து எல்லாப் புள்ளிகளும் வெளியே விழுவதற்கான நிகழ்தகவு (1 − p)ⁿ. இதை 0.05-க்குச் சமமாக்கினால் p ஏறக்குறைய 3/n. எனவே சொல்ல வேண்டிய விடை, “95% நம்பிக்கையுடன் விகிதம் 0.003-க்கு மேல் இல்லை” என்பதே.

● *விலக்க வர்க்கச் சராசரி முடிவிலி.* 1/√x என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 2. ஆனால் அதன் வர்க்கமான 1/x-ஐத் தொகையிட்டால் அது விரிந்துபோகிறது. ஆகவே σ² என்று ஒன்று இல்லை. கூறு சராசரி 2-ஐ நெருங்கவே செய்யும். ஆனால் s ஓரிடத்தில் நிலைக்காது. 0-க்கு மிக அருகில் ஓர் எண் விழும்போதெல்லாம் s குதிக்கும். அடையாளம் இதுதான்: n-ஐ நான்கு மடங்காக்கியும் s நிலைபெறாமல் ஏறிக்கொண்டே போனால் திட்டப்பிழையை நம்பக் கூடாது.

இதற்கு மருந்தும் உண்டு. x = u² என்று பிரதியிடுங்கள். dx = 2u du ஆவதால் தொகையிட வேண்டிய சார்பு 2 என்ற மாறிலியாகிறது; விலக்க வர்க்கச் சராசரி சுழி. சார்பு பெரிதாக இருக்கும் இடத்தில் அதிகப் புள்ளிகள் விழும்படி அடர்த்தியை மாற்றுவது என்ற முக்கியத்துவக் கூறெடுப்பின் கருத்து முழுவதும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கியிருக்கிறது.

● *புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை.* s/√n என்பது சார்பிலாப் புள்ளிகளுக்கு மட்டுமே. x-ஐ எடுத்ததும் 1 − x-ஐயும் சேர்த்து எடுக்கும் எதிரிணை முறையைப் பாருங்கள். கால் வட்டத்தில் ஒன்று பெரிதானால் மற்றது சிறிதாகிறது. இணையின் சராசரி குறைவாகவே ஆடுகிறது. அதன் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 0.0069. சார்பிலா இரண்டு புள்ளிகளின் சராசரிக்கு அது 0.0249. ஆனால் இந்தப் பலன் தெரிய வேண்டுமானால் *இணைச் சராசரிகளின்* s²-ஐக் காண வேண்டும். இணைகளைப் பிரித்து 2n தனிப் புள்ளிகளாகக் கருதினால் பிழை உண்மையைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்காகத் தெரியும்.

புள்ளிகளுக்கு இடையிலான சார்பு எதிர்த்திசையில் இல்லாமல் ஒரே திசையில் இருந்தால் நிலைமை மோசம்: பிழை உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றை ஒட்டி ஒன்று எடுக்கப்படும் முறைகளில் இது நேரும்.

8. சந்தேகம் வந்தால் குழுக்களாகப் பிரி

● முழுக் கணக்கையும் தனித்தனியாக, சார்பின்றிப் பத்து முறை செய்து, பத்து விடைகளின் சிதறலைப் பாருங்கள். குழுவுக்குள் என்ன சார்பு இருந்தாலும், குழுக்கள் தமக்குள் சார்பற்றவை என்பதால் பத்து விடைகளின் s/√10 நம்பத்தக்க பிழையாகும்.

● இந்திய எடுத்துக்காட்டு: வங்காளத்தில் சணல் பயிராகும் நிலப்பரப்பை மதிப்பிட 1937 முதல் பி.சி. மகலனோபிஸ் நடத்திய கூறாய்வுகள். சமவாய்ப்பாகத் தேர்ந்த சிறு நிலக் கட்டங்களில் களப்பணியாளர்கள் பயிரைக் குறித்தார்கள். ஒரே பகுதியிலிருந்து இரண்டு சார்பிலாக் கூறுகளை எடுத்து, வெவ்வேறு குழுவினரை அனுப்பினார் மகலனோபிஸ். ஒன்றினுள் ஒன்று ஊடுருவும் துணைக்கூறுகள் என்று இதைச் சொல்வர். இரு விடைகளின் வேறுபாடு கூறெடுப்புப் பிழையோடு, களத்தில் குறிப்பெடுத்தவர்களின் பிழையையும் வெளிக்காட்டியது. தனி ஒரு s²-ஆல் காட்ட முடியாதது அந்த இரண்டாவது பிழை.

9. பிழையைப் படித்துப் பொய்யைக் கண்டறிதல்: லாசரீனி, 1901

● பஃபோன் ஊசிச் சோதனை (வெளியீடு 1777): சம இடைவெளிக் கோடுகள் உள்ள தரையில் ஊசியை எறிந்தால் அது கோட்டைத் தொடும் நிகழ்தகவு 2l/(πd). l ஊசியின் நீளம், d கோடுகளின் இடைவெளி. இங்கே l ≤ d.

● இத்தாலியக் கணிதர் மாரியோ லாசரீனி 1901-ல் தம் முடிவை வெளியிட்டார். ஊசி 2.5 செ.மீ., இடைவெளி 3 செ.மீ., 3,408 எறிதல்கள், 1,808 தொடுதல்கள். அதிலிருந்து π = 5680/1808 = 355/113 = 3.1415929. ஆறு தசம இடங்கள் சரி.

● இப்போது திட்டப்பிழையைக் காண்போம். p ≈ 0.5305. தொடுதல்களின் எண்ணிக்கைக்குத் திட்ட விலக்கம் √(3408 × 0.5305 × 0.4695) ≈ 29. ஒரு தொடுதல் கூடினாலோ குறைந்தாலோ π-யின் மதிப்பு 0.0017 அளவு மாறுகிறது. ஆகவே π-க்கான திட்டப்பிழை 0.05. கிடைத்த விலகலோ 0.0000003.

● 1,808-க்குப் பதில் 1,807 வந்திருந்தால் விடை 3.1433 ஆகியிருக்கும். முதல் தசம இடத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாத சோதனை அது.

● எப்படி வந்தது? இந்த அளவுகளுக்கு 213 எறிதல்களில் 113 தொடுதல்கள் வந்தாலே சரியாக 355/113 கிடைத்துவிடும். 3408 = 213 × 16; 1808 = 113 × 16. பழைய பின்னமான 355/113-ஐ மனத்தில் வைத்து அளவுகளைத் தேர்ந்து, எண் பொருந்தும் இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

● பாடம்: விலகல் திட்டப்பிழையைவிட மிகப் பெரிதாக இருந்தாலும் தவறு, நம்ப முடியாத அளவு சிறிதாக இருந்தாலும் தவறு. n-ஐ முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். விடை பிடித்த இடத்தில் நிறுத்தினால் திட்டப்பிழை பொருளிழந்துவிடும்.

10. வரலாறு: நினைவில் வைக்க

● 1946: நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லா உலாம், தனியாள் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றபோது, ஆடிப் பார்த்து எண்ணுவது எளிது என்று கண்டார். லாஸ் அலமோஸில் ஜான் வான் நியூமன் அதை நியூட்ரான் கணக்குகளுக்குக் கொண்டுசென்றார்.

● 1948: எனியாக் கணினியில் முதல் ஓட்டங்கள்.

● 1949: நிக்கோலஸ் மெட்ரோபொலிஸும் உலாமும் “மான்டே கார்லோ முறை” என்ற கட்டுரையை வெளியிட்டனர். பெயரைச் சொன்னவர் மெட்ரோபொலிஸ். மொனாக்கோவின் சூதாட்ட மாளிகை உள்ள பகுதி அது.

பயிற்சி வினாக்கள்

1. திட்டப்பிழை 0.06; n = 900. பிழையை 0.02 ஆக்க எத்தனை புள்ளிகள்?
*விடை:* பிழை மூன்றில் ஒரு பங்காக வேண்டும், 9 மடங்கு, 8,100.

2. n-ஐ 100-லிருந்து 10,000 ஆக்கினால் s எவ்வாறு மாறும்?
*விடை:* ஏறக்குறைய அப்படியே இருக்கும். s/√n தான் பத்தில் ஒரு பங்காகும்.

3. அதே தொகைக்கு ஒரு முறையில் s = 0.4, மற்றதில் s = 0.2. சமமான பிழைக்குப் புள்ளிகளின் விகிதம்?
*விடை:* 4 : 1. ஒப்பிட வேண்டியது s² தான். புள்ளி ஒன்றுக்கு ஆகும் நேரம் வேறானால், s²-ஐ அந்த நேரத்தால் பெருக்கி ஒப்பிட வேண்டும்.

4. 200 புள்ளிகளில் 0 உள்ளே. 95% மேல் எல்லை?
*விடை:* 3/200 = 0.015.